முதலில் போன நாலாவது

மஞ்சள் பூசிய பெண் மணவறைக்குப் புறப்படும்வரை வாசலைத் தாண்டக் கூடாது என்பது அந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் யாரும் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அல்ல. துஷ்யந்திக்குக் காலையில் நலுங்கு வைத்தார்கள். மத்தியானம் அண்ணன் சுரேந்திரன் முழங்கால்வரை சேறோடு வந்து நின்று, கஹவத்தைக் கல்யாண மண்டபத்துக்குள் ஆற்றுத் தண்ணீர் ஏறிவிட்டது என்றான்.

வாசலில் கட்டிய வாழைமரங்கள் மண்டபத்துக்குள்ளேயே மிதக்கின்றன, காவல்காரர் கையை விரித்துவிட்டார், நாளைக்குள் தண்ணீர் வடிந்தாலும் சேறு வடியாது என்று அவன் சொல்லி முடித்தான். வைகாசியில் இந்தப் பக்கம் மழை பெய்வது புதிதல்ல. ஆனால் இந்த வருடம் மழைக்கு நடுவில் வெயிலே வரவில்லை.

அப்பா அழகமுத்து அந்தத் தோட்டத்துக் கங்காணி. குடையை எடுத்துக்கொண்டு நேரே பங்களாவுக்குப் போனார். திரும்பி வரும்போது தோட்டத்தின் மேல் பிரிவான மேல்கணக்கு மாரியம்மன் கோயிலில் கல்யாணத்தை வைத்துக்கொள்ள ஏற்பாடு செய்துவிட்டு வந்தார். தோட்டத்து மேனேஜர் தொரை தலையை ஆட்டிவிட்டாராம். பூசாரியும் சரி என்றாராம். ஆற்றோரப் பாதையில் பாலத்துக்கு மேல் தண்ணீர் போவதால் மற்றப் பாதையில்தான் வர வேண்டும். அந்தப் பாதையில் பெரிய பஸ் தோட்டத்துக்குள் ஏறாது. அதற்காக, சந்தியிலிருந்து ஆட்களை ஏற்றிவர, தேயிலைக் கொழுந்து சுமக்கும் லொறியையும் கேட்டு வாங்கியிருந்தார். அடுத்த நாள் முகூர்த்தம் மாறவில்லை. இடம் மட்டும்தான் மாறியது.

இனி எல்லாருக்கும் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

அங்கேதான் சிக்கல். மாப்பிள்ளை உதயராஜின் குடும்பம் எஹலியகொட கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர்கள். தோட்டத்துப் பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்று அவன் வீட்டில் சொன்ன நாளிலிருந்து அவனுடைய தாய்மாமன் தங்கையா முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பா இல்லாத வீடு. மாமன் சொல்தான் அங்கே எடுபடும். மாதக்கணக்கில் இழுத்து, கடைசியில் அவர் ஒரே ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். தோட்டத்துக்குள் கல்யாணம் வேண்டாம், டவுனில் மண்டபம் எடுத்து, எங்கள் ஆட்களுக்கு ஒரு குறையும் இல்லாமல் செய்தால் வருகிறோம்.

இப்போது அவரிடமே, மண்டபம் இல்லை, தோட்டத்துக் கோயிலுக்கு வாருங்கள், அதுவும் லொறியில் என்று சொல்ல வேண்டும்.

கதைத்துச் சொல்ல வழி இல்லை. மரம் விழுந்து கம்பி அறுந்ததால் எஹலியகொட கடைத் தொலைபேசி காலையிலிருந்தே செத்துக் கிடந்தது. கைப்பேசியில் எடுத்தால் ஒரே மாதிரி ஓர் அறிவிப்பு, அல்லது ஒன்றுமே இல்லை. குறுஞ்செய்தி மட்டும் எப்படியோ ஊர்ந்து போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. கஹவத்தை பஸார் தெருவில் நுஹ்மானின் தொலைபேசிக் கொமியுனிகேஷன் கடையில் துஷ்யந்தி மூன்று வருடம் வேலை செய்தவள். பேச்சுப் போகாத நெரிசலிலும் செய்தி போகும் என்று அவளுக்குத் தெரியும். அழைப்பிதழ் கொடுத்த பிறகு நினைவுபடுத்தி அனுப்புவதற்காக இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களின் எண்களையும் உதயராஜிடம் கேட்டு வாங்கி அவள் போனில் ஏற்றி வைத்திருந்தாள். கலவான ஊரில் இருக்கும் அவளுடைய அத்தை குடும்பம் முதல் தங்கையா மாமாவரை எல்லாரும் அதில் இருந்தார்கள்.

"நீயே எழுது புள்ள," என்றார் அழகமுத்து. "நான் சொல்றேன்."

அவர் சொல்ல ஆரம்பித்தார். அன்பும் பண்பும் நிறைந்த சம்பந்தி வீட்டார் அவர்களுக்கு என்று தொடங்கி, இயற்கையின் சீற்றத்தால் என்று போய், மண்டபத்தின் நிலைமையை விளக்கி, கோயிலின் பெருமையைத் தொட்டு, பாலம், பஸ், லொறி எல்லாவற்றையும் கடந்து, சிரமத்துக்கு மன்னிக்கும்படி கேட்டு, தன் பெயரில் வந்து நின்றார். தோட்டத்தில் யாருக்கு மனு எழுத வேண்டுமானாலும் அவரிடம்தான் வருவார்கள். பாதியிலேயே துஷ்யந்தி தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

தமிழ் எழுத்தில் அனுப்ப முடியாது. பாதிப் பேருடைய போனில் வெறும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். தெரிந்தாலும் தமிழில் ஒரு செய்திக்கு எழுபது எழுத்துத்தான் கொள்ளும். அதனால் எல்லாரும் செய்வதுபோல ஆங்கில எழுத்தில் தமிழை எழுத வேண்டும். அதில் ஒரு செய்திக்கு நூற்றறுபது எழுத்து. போனின் மூலையில் அந்த நூற்றறுபது, எழுத எழுதக் குறைந்துகொண்டே வந்து, தீர்ந்ததும் பக்கத்தில் இரண்டு என்று காட்டி மறுபடி தொடங்கும். அப்பாவின் இயற்கைச் சீற்றத்துக்கே முதல் செய்தி தீர்ந்துபோனது.

இயற்கையை வெட்டினாள். கோயிலின் பெருமையை வெட்டினாள். எத்தனை வெட்டியும் நாலு செய்தியின் அளவுக்குக் கீழே வரவில்லை.

"அப்படியே நீட்டா அனுப்பிரு," என்றான் சுரேந்திரன். "போன் தானே ஒட்டிக்கும். ஒரு தடவ அமத்துனா வேல முடிஞ்சுது. நான் தண்ணி டேங்க் கிட்ட ஏறி அனுப்பிட்டு வாரேன்."

லயத்துக்குள் சிக்னல் கிடையாது. செய்தியை வீட்டில் எழுதலாம். அனுப்ப வேண்டுமானால் மேலே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் போக வேண்டும். இந்த மஞ்சளோடு அவளால் போக முடியாது.

"தங்கையா மாமா போன் ஒட்டாது அண்ணே," என்றாள். நிச்சயதார்த்தம் முடிந்து அவள் நீளமாக அனுப்பிய நன்றிச் செய்தி அவருக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று உதயராஜ் சொல்லிச் சிரித்திருக்கிறான். அது நீளமாகத் தெரிந்தாலும் உள்ளே துண்டு துண்டாகத்தான் போகிறது. ஒவ்வொரு துண்டிலும் ஏழெழுத்து இடம் ஒட்டுவதற்கான குறிக்கே போய்விடும். புதிய போன் அந்தக் குறியைப் பார்த்துச் சேர்த்துக் காட்டும். பழைய போனுக்கு அது விளங்காது. தலையில் ஏதோ கோணல் எழுத்தோடு, எது முதல் எது கடைசி என்று தெரியாமல், நடுச் சொல்லில் உடைந்து கிடக்கும். நுஹ்மான் கடைக்கு அப்படிப்பட்ட போன்களைத் தூக்கிக்கொண்டு, இது என்ன மகள், யாரும் சூனியம் வைத்தார்களா என்று கேட்டு வந்தவர்கள் உண்டு.

"அப்ப நம்பர் போட்டு நாலா அனுப்பப் போறியா?"

"ஆமா. ஒன்னுன்னு போட்டா எந்தப் போன்லயும் ஒன்னுதான்."

சுரேந்திரனுக்குப் பிடிக்கவில்லை. சண்டை நடந்துகொண்டிருந்த காலம் அது. மற்றப் பாதையில் இராணுவச் சோதனைச் சாவடி ஒன்று இருந்தது. சந்தேகம் வந்தால் போனையும் வாங்கிப் பார்ப்பார்கள். காலை ஆறு மணிக்குச் சந்தியில் லொறி நிற்கும் என்று ஒரு துண்டு மட்டும் தமிழ்ப் பையன் ஒருத்தன் போனில் இருந்தால், அவன் என்ன சொல்லித் தப்புவான் என்று கேட்டான். கல்யாணம் என்ற சொல் எல்லாத் துண்டிலும் இருக்க வேண்டாமா?

நியாயமான கேள்வி. லொறித் துண்டில் கல்யாணம் என்று சேர்த்தாள். அதற்கு இடம் வேண்டும் என்று வேறு எதையோ எடுத்தாள். மழை தகரக் கூரையில் இரைந்துகொண்டிருந்தது. அடுப்பங்கரையில் அம்மா பேச்சியம்மாவும் லயத்துப் பெண்களும் பலகாரத்தை எங்கே வைப்பது, எத்தனை பேர் வருவார்கள், வருவார்களா என்று மாறி மாறிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். துஷ்யந்தியின் விரலில் மஞ்சள் காய்ந்து, பொத்தான்களுக்கு இடையில் பொடியாக உதிர்ந்தது.

நாலும் கடைசியில் இப்படி நின்றன.

ஒன்று: துஷ்யந்தி உதயராஜ் கல்யாணம் நாளை குறித்த நேரத்தில் நடக்கும். இடம் மட்டும் மாற்றம். தோட்டத்து மேல்கணக்கு மாரியம்மன் கோயில்.

இரண்டு: கல்யாணத்துக்கு வருபவர்கள் மற்றப் பாதையால் வரவும். ஆற்றோரப் பாலத்தில் தண்ணீர். பஸ் சந்தியில் நிற்கட்டும். காலை ஆறு மணியிலிருந்து தோட்டத்து லொறி ஏற்றி வரும்.

மூன்று: வழியில் சோதனை உண்டு. கல்யாணத்துக்கு வரும் எல்லாரும் அடையாள அட்டையும் அழைப்பிதழும் கையில் வைத்திருக்கவும்.

நாலு: மண்டபத்துக்கு யாரும் வர வேண்டாம். சிரமத்துக்கு மன்னிக்கவும். இப்படிக்கு அழகமுத்து குடும்பத்தார்.

பெயரை முதலிலேயே போட்டுவிடலாம் அப்பா என்று அவள் சொல்லிப் பார்த்தாள். அழகமுத்து ஒத்துக்கொள்ளவில்லை. தலையில் கையெழுத்துப் போட்டு யாராவது கடிதம் எழுதுவார்களா என்றார்.

அண்ணனிடம் போனைக் கொடுக்கும் நேரத்தில்தான் அவளுக்கு இன்னொன்று தோன்றியது. கடையில் தினமும் பார்த்தது. கடைசியாக வந்த செய்திதான் போனில் மேலே நிற்கும். வயதானவர்கள் மேலே இருப்பதைத் திறப்பார்கள், படிப்பார்கள், போனை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிடுவார்கள். கீழே இன்னும் மூன்று இருப்பது அவர்களுக்குத் தெரியாது. ஒன்று, இரண்டு என்று வரிசையாக அனுப்பினால் நாலாவதுதான் மேலே நிற்கும்.

"அண்ணே, பின்னால இருந்து அனுப்புங்க. முதல்ல நாலு. எல்லாருக்கும் போனதும் மூனு. கடைசியா ஒன்னு. அப்பதான் திறக்கும்போது ஒன்னு மேல இருக்கும்."

சுரேந்திரன் போனை வாங்கிக்கொண்டான். "கடையில மூனு வருசம் சும்மா ஒக்காந்திருக்கல நீ," என்று சொல்லிவிட்டுப் போனைப் பொலித்தீன் பைக்குள் சுற்றிக்கொண்டு இறங்கி நடந்தான்.

அவளுக்கே அது பெருமையாகத்தான் இருந்தது.

அவன் போய் வெகுநேரம் ஆகியும் வரவில்லை. துஷ்யந்தி முன்திண்ணையான இஸ்தோப்பின் தூணுக்கு உள்பக்கமாக நின்று, தேயிலை மலைக்கு மேலே மூட்டத்துக்குள் மறைந்திருந்த தொட்டியைப் பார்த்தாள். அங்கே நின்றபடி மனதுக்குள் ஒவ்வொரு செய்தியாகப் போக விட்டாள். ஒரே தடவையில் எல்லாப் பெயரையும் தெரிவு செய்தாலும் போன் ஒவ்வொருவருக்காகத்தான் அனுப்பும். நெரிசலில் ஒவ்வொன்றும் சுற்றிச் சுற்றி நிற்கும். சிலது போகாமல் திரும்பும், மறுபடி அமத்த வேண்டும். நாலாவது எல்லாருக்கும் போய்ச் சேர்வதற்கே...

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

திறந்து பார்க்கிற நேரத்தில் நாலும் வந்திருக்கும் என்றுதான் அவள் கணக்குப் போட்டிருந்தாள். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, நாளைக்கு என்ன ஏது என்று காத்திருக்கிற ஒருவருக்கு நாலாவது போன உடனே சத்தம் கேட்கும். உடனே திறப்பார். ஒன்றாவது வரும்வரை அவரிடம் இருப்பது அது மட்டும்தான். மண்டபத்துக்கு யாரும் வர வேண்டாம். மன்னிக்கவும். அப்பாவின் பெயர்.

பெயரும் மன்னிப்பும் சேர்ந்து அதை முழுச் செய்தியாகவே ஆக்கியிருந்தன. கல்யாணம் என்ற சொல்லை அவள் சேர்க்காமல் விட்ட துண்டும் அது ஒன்றுதான்.

மூட்டத்துக்குள்ளிருந்து சுரேந்திரன் ஓடி வந்தான். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. நாலாவது எல்லாருக்கும் போய்விட்டது, மூன்றாவது பாதிப் பேருக்குப் போகும்போது சிக்னல் முழுக்கப் போய்விட்டது, காத்திருந்து பார்த்தேன், திரும்ப ஒரு கோடு வந்தபோது இது வந்தது என்று மூச்சுவாங்கிக்கொண்டே போனை நீட்டினான்.

உதயராஜின் செய்தி. வர வேண்டாம்னு உங்கப்பா அனுப்பியிருக்கார். மாமா வண்டியில ஏத்துன சீர்ப் பெட்டி எல்லாம் எறக்கச் சொல்லிட்டார். அம்மா அழுறாங்க. உனக்கு இது தெரியுமா?

அழகமுத்து அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். பிறகு உட்கார்ந்தார். "நாலுன்னு போட்டிருக்கே," என்றார். "அது தெரியலையா அவருக்கு?"

தெரிந்திருக்காது என்று துஷ்யந்தி சொன்னாள். தெரிந்தாலும், முன்னால் மூன்று வரவில்லை என்று யோசிக்கிற நிலைமையில் அவர் இருந்திருக்க மாட்டார். இந்தச் சம்பந்தம் முறிய ஒரு காரணம் கிடைக்காதா என்று மாதக்கணக்கில் பார்த்திருந்தவர் அவர். காரணத்தை அவளே எழுதி, முதலில் அனுப்பி வைத்திருக்கிறாள்.

மிச்சத்தை உடனே தள்ளிவிடலாம், மறுபடி ஏறுகிறேன் என்றான் சுரேந்திரன். மூனு, ரெண்டு, ஒன்னு, போய்விட்டால் எல்லாம் சரியாகும் என்றான்.

"வேணாம். போன குடுங்க. நான் வாரேன்."

பேச்சியம்மா கையில் மாவோடு வாசலில் வந்து நின்றாள். மஞ்சள் பூசிய உடம்போடு, பொழுது சாயும் மம்மல் நேரத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத மலைக்கா என்றாள். எது வேண்டுமோ அதை அண்ணனிடம் சொல்லி அனுப்பு என்றாள். பக்கத்துக் காம்பரா வீட்டுப் பெண்களும் அதையே சொன்னார்கள்.

"சொல்லி அனுப்புனதுதாம்மா இப்புடி ஆச்சு," என்றாள் துஷ்யந்தி. "அவங்க பதிலுக்கு ஒன்னு கேட்டா அண்ணன் எறங்கி வந்து, நான் எழுதி, அவர் மறுபடி ஏறணும். அதுக்குள்ள அவங்க பெட்டிய உள்ள வச்சுப் பூட்டிருவாங்க."

பேச்சியம்மா அடுப்பங்கரைக்குள் போனாள். திரும்பி வந்தபோது மாவு துடைத்த கையில் ஒரு பாக்குவெட்டி இருந்தது. அதை மகளின் இடுப்பில் செருகி, இரும்பு இருந்தா ஒன்னும் அண்டாது என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, குடையை விரித்தாள்.

"நட. நானும் வாரேன்."

மூன்று பேரும் தேயிலைக்கு இடையே ஏறினார்கள். படிக்கட்டில் தண்ணீர் ஓடியது. காலில் அட்டைப்பூச்சி ஏறுவதை யாரும் பார்க்கவில்லை. குடையைத் தாண்டி அடித்த சாரலில் முகத்து மஞ்சள் கரைந்து கழுத்தில் ஒழுகியது.

தொட்டியின் சுவரோரமாக நின்று அவள் புதிதாக ஒரு செய்தியைத் திறந்தாள். மூலையில் நூற்றறுபது. இந்த முறை அதைத் தாண்டுவதில்லை என்று ஏறும்போதே நினைத்துவிட்டாள். ஒட்டவும் வேண்டாம், எண்ணும் வேண்டாம். ஒருவருக்கு ஒன்றே ஒன்று கிடைத்தாலும் அதுவே போதுமானதாக இருக்க வேண்டும்.

முதல் சொல்லாகக் கல்யாணம் என்று எழுதினாள். கல்யாணம் நாளை நடக்கும். மண்டபத்துக்குள் வெள்ளம், அதனால் தோட்டத்துக் கோயிலில். முந்திய செய்தி பாதிதான். மற்றப் பாதையால் சந்திக்கு வாங்க. கார்ட் எடுங்க. துஷ்யந்தி. எண்ணிக்கை இரண்டுக்குத் தாவாமல், ஆனால் இனி ஒரு சொல்லுக்கும் இடம் இல்லாமல் நின்றது.

"லொறி?" என்றான் சுரேந்திரன் தோளுக்கு மேலால் பார்த்து.

லொறிக்கு இடம் இல்லை. கார்ட் எடுங்க என்பதை எடுத்தால் லொறியைப் போடலாம். அவள் விரல் பொத்தானுக்கு மேல் நின்றது. லொறி என்று முன்னாடியே தெரிந்தால் தங்கையா மாமா வீட்டைவிட்டே கிளம்ப மாட்டார். தெரியாமல் வந்தால் சந்தியில் எல்லார் முன்னாலும் கோபப்படுவார். அடையாள அட்டை இல்லாமல் வந்தால் யாரோ ஒருவர் சாவடியில் நிறுத்தப்படுவார். அதற்கு மேல் என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது.

"கார்ட் இருக்கட்டும்," என்றாள். "லொறிய நீங்க சந்தியில நின்னு பாத்துக்கங்க."

"ஹரி, சரி. அடி வாங்க நானா?"

அவள் தங்கையாவின் எண்ணுக்கு மட்டும் அனுப்பினாள். போகவில்லை. மறுபடி அமத்தினாள். போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள். பேச்சியம்மா குடையைப் போனுக்குப் பிடித்துவிட்டுத் தான் நனைந்தாள். மூன்றாம் முறை போய்விட்டது என்று காட்டியது. பிறகு உதயராஜுக்கு. பிறகு மற்றவர்களுக்கு, ஒவ்வொருவராக.

இருட்டத் தொடங்கியது. பாதிப் பேர்கூட முடியவில்லை, கையிலேயே போன் அதிர்ந்தது. செய்தியல்ல, அழைப்பு. தங்கையா மாமாவின் எண். அவள் எடுப்பதற்குள் இரண்டு தடவை நழுவப் பார்த்தது.

மறுபக்கம் இரைச்சல். பிறகு ஒரு பெண் குரல். உதயராஜின் அம்மா மீனாம்பாள்.

"யாரு? பொண்ணா பேசுறது?"

"ஆமாங்க அத்தை. நான்தான்."

"நீ எப்படி வெளிய வந்த? மஞ்சள் வச்சுட்டாங்கல்ல?"

"வச்சுட்டாங்க. வீட்டுல சிக்னல் இல்ல அத்தை. மலைக்கு வந்து பேசுறேன். அம்மா கூட நிக்கிறாங்க."

குரல் அறுந்தது. மறுபடி வந்தது. பின்னால் ஓர் ஆணின் குரல், கேட்டுச் சொல், கேட்டுச் சொல் என்று அதட்டியது. இரண்டு செய்தி வந்திருக்கிறது, ஒன்றில் வராதே, ஒன்றில் வா, எதை நம்பச் சொல்கிறார்கள் என்று தன் அண்ணன் தங்கையா கேட்கிறார் என்றாள் மீனாம்பாள். நாளைக்கு மூன்றாவது ஒன்று வராது என்று என்ன நிச்சயம் என்றும் கேட்கிறாராம்.

நாலு துண்டு, பின்னாலிருந்து அனுப்பியது, ஒட்டாத போன் என்று எல்லாவற்றையும் விளக்க அவள் வாயெடுத்தாள். கோடு ஒன்றுதான் இருந்தது. அதுவும் துடித்தது. எதைச் சொன்னாலும் அதில் பாதிதான் போகும்.

"தப்பு என்னோடது அத்தை. அப்பா மேல இல்ல. கல்யாணம் தோட்டத்துக் கோயில்லதான். வசதி கொறச்சல்தான். நீங்க வாங்க. நான் காத்திருக்கேன்."

இரைச்சல் மட்டும் வந்தது. போய்விட்டது என்று நினைத்தாள்.

"மூஞ்ச தொடச்சுட்டு வீட்டுக்குள்ள போ," என்றது குரல். "தடுமம் புடிச்சிட்டா நாளைக்கு மணவறையில தும்மிக்கிட்டு இருப்ப. பெட்டிய நான் ஏத்தச் சொல்றேன்."

அதோடு கோடு போய்விட்டது. தங்கையா அதற்கு என்ன சொன்னார் என்பது காதில் விழவில்லை. மிச்சப் பேருக்கும் அனுப்பி முடித்துவிட்டு அவர்கள் இறங்கினார்கள். ஏத்தச் சொல்கிறேன் என்பது வருவதாகத்தானே அர்த்தம் என்று பேச்சியம்மா வழி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

காலையில் மழை தூறலாகிவிட்டது. கோயிலுக்குப் பக்கத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளை மடுவத்தில் அவளுக்குப் புடவை கட்டி உட்கார வைத்தார்கள். யன்னல் வழியாகத் தோட்டத்துப் பாதையின் கடைசி வளைவு தெரிந்தது. சுரேந்திரன் விடியும் முன்பே சந்திக்குப் போயிருந்தான். கொழுந்து லொறி இரண்டு தடவை வந்து போனது. முதல் தடவை கலவான அத்தை குடும்பம், ஆளுக்கு ஒரு கார்டைக் கையிலேயே பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். இரண்டாம் தடவை கஹவத்தை ஆட்கள், நடுவில் நுஹ்மான் வெள்ளைச் சட்டை கசங்காமல் ஒரு தேயிலைச் சாக்கைக் கைப்பிடியாகப் பிடித்து நின்றார். எஹலியகொட ஆட்கள் யாரும் இல்லை.

கோயிலில் மேளக்காரர்கள் மேளத்தை அனலில் காட்டிக்கொண்டிருந்தார்கள். பூசாரி நேரத்தைக் கேட்க ஆள் அனுப்பினார். கொஞ்சம் கழித்து மறுபடி அனுப்பினார். துஷ்யந்தி உட்கார்ந்த இடத்திலிருந்தே எழுதாமல் விட்ட அந்த ஒரு சொல்லை மனதுக்குள் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தாள். சந்தியில் பஸ் வந்து நிற்கும். தங்கையா மாமா இறங்குவார். லொறியைப் பார்ப்பார். எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால் பஸ்ஸே வந்திருக்காது. இரண்டும் மாறி மாறி வந்து கொண்டிருந்தன.

கியர் மாற்றுகிற சத்தம் முதலில் கேட்டது. வளைவில் லொறியின் மூக்குத் தெரிந்தது.

பின்பக்கத்தில் ஆட்கள் நிறைந்து நின்றார்கள். எல்லாருக்கும் முன்னால், பலகையைப் பிடித்துக்கொண்டு பட்டுப் புடவையை முழங்கால் ஓரமாகச் செருகி, மீனாம்பாள் நின்றாள். இன்னொரு கையில் கூறைத் தட்டு. அவளுக்குப் பக்கத்தில் தலைப்பாகை நனைந்த உதயராஜ், வளைவில் அம்மா சாயாமல் தோளால் தாங்கிக்கொண்டிருந்தான். முன் ஆசனத்தில் ட்ரைவருக்குப் பக்கத்தில் தங்கையா, சந்தனப் பொட்டும் உர்ரென்ற முகமுமாக, நேரே பார்த்தபடி.

லொறி நின்றது. சுரேந்திரன் குதித்து இறங்கி, ஓடி வந்து யன்னலருகில் நின்றான். சந்தியில் அரை மணி நேரம் அவர் பஸ்ஸைவிட்டு இறங்கவில்லை என்றான். இதுல நான் ஏறணுமா, இதையும் மறைச்சிட்டாங்களே என்று கத்தினாராம்.

"அப்புறம்?"

"மீனாம்பா அத்தைதான். தட்டை என் கையில குடுத்திட்டு, சேலைய தூக்கிச் செருகிட்டு ஏறுனாங்க. மேல நின்னு, அண்ணே, பொண்ணு மழையில மலை ஏறுனா, நாம லொறி ஏறக் கூடாதான்னு கேட்டாங்க. அதுக்குமேல அவரால ஒக்கார முடியல."

வெளியே அழகமுத்து இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு முன் ஆசனக் கதவருகில் நின்றார். தங்கையா கதவைத் திறந்தார். இறங்குவதற்கு முன், உள்ளே இருந்தபடியே ஏதோ கேட்டார். அழகமுத்து தலையை ஆட்டி ஆட்டிப் பதில் சொன்னார். மடுவத்துக்குள் அது கேட்கவில்லை. தங்கையா ஒரு காலைப் படியில் வைத்தார், சேற்றைப் பார்த்தார், சம்பந்தியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

மேளம் தொடங்கியது. பேச்சியம்மா வந்து மகளின் கையைப் பிடித்து எழுப்பினாள். துஷ்யந்தி மடுவத்தின் வாசலைத் தாண்டினாள்.